ஆர் என்று போட்ட ஆறு இடங்கள்

செருப்பும் ஷூவும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற எங்கள் ஆம்பூர் கம்பெனியில், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டிய அறை ஒன்றே ஒன்றுதான். அது கம்ப்யூட்டர் செக்‌ஷன். தூசி ஆகாதாம். அந்த அறையின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. என் பெயர் சத்தியம். அதற்கு முன் ஒன்பது வருஷம், தோல் பதனிடுகிற டேனரியில் இருந்தேன். நெஞ்சில் சளி கட்டி இருமல் விடாமல் போனதால், 1984இல் கர்த்தர் இரக்கம் பாராட்டி என்னை இந்தக் குளிர்ந்த அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் ஐந்தாம் வகுப்புதான். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எழுதுகிறவர்களின் தாள்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய் வைத்து வைத்து, தாள் எப்படிப் பேசும் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

அந்தச் செக்‌ஷனை நடத்துகிறவர் தேவகிருபை அம்மாள். வேலூர் பக்கம் சத்துவாச்சாரிக்காரர். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். இவரும் கணக்குப் படித்து, கொஞ்ச நாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்து, பிறகு மெட்ராஸுக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். வெள்ளைச் சேலையில் சின்னக் கரை, கையில் டிபன் பை, பையில் ஒரு சிவப்புப் பேனா. அந்தப் பேனாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு புரோகிராமை எழுதியவர் அதை நேரே மெஷினில் ஓட்டிவிட முடியாது. பச்சைக்கோடு போட்ட அகலத் தாளில் முழுசாக அச்செடுத்து, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் வரி வரியாகப் படித்து, எங்கே தப்பு, எங்கே சந்தேகம் என்று பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். எழுதியவர் அதைத் திருத்திக் கொண்டுவருவார். இதற்கு ரிவ்யூ என்று பெயர். ஒருவர் கண்ணுக்குத் தப்பினது இன்னொருவர் கண்ணில் படும் என்பதற்காகத்தான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. ஜெயகரன் என்று ஒரு பையன், வாயாடி. வந்த வாரத்தில் பக்கத்து மேசைக்காரரின் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஓரத்தில் பெரிதாக, ‘கண்ணை மூடிக்கிட்டு எழுதினியா?’ என்று எழுதிவைத்தான். தேவகிருபை அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

“ஜெயகரா, எந்த வரியில தப்பு?”

“எல்லாம் குப்பை மாதிரி இருக்குது மேடம்.”

“எந்த வரின்னு கேட்டேன்.”

“…நாப்பத்திரண்டாவது வரி.”

“அங்க இன்னா தப்பு?”

“வகுக்குறதுக்கு முன்னாடி சைபரான்னு பார்க்கல. சைபர் வந்தா புரோகிராம் நின்னுடும்.”

“அப்ப அதை எழுது. ‘வரி 42. வகுக்கும் எண் சைபராக வந்தால் நின்றுவிடும், முதலில் பார்க்கவும்.’ இதுல கண்ணு எங்க வருது? கண்ணு டாக்டர் பார்க்க வேண்டியது. நாம வரியைப் பார்ப்போம்.”

நான் வாசலில் ஸ்டூலில் இருந்தபடி சிரித்துவிட்டேன். ஜெயகரனும் சிரித்தான். ஆனால் அழித்து எழுதினான்.

அந்த அம்மாள் இதை எங்கே கற்றார் என்பதை, புதியவர்கள் சேரும் முதல் நாளில் தானே சொல்லுவார். மெட்ராஸில் அவர் வேலை கற்ற இடத்தில் ஒரு பெரியவர், இவர் எழுதிய தாளை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு தப்பையும் உரக்கப் படித்தாராம். படிக்கப் படிக்க எல்லாரும் சிரித்தார்களாம். “தப்பு அஞ்சுதான். ஆனா அஞ்சையும் நான் திருத்தவே இல்ல. காது அடைச்சுப் போச்சு, ஒண்ணும் கேட்கல. ரெண்டு நாள் ஹாஸ்டல்ல சாப்பிடாம படுத்துட்டேன். மறுபடியும் ஸ்கூலுக்கே டீச்சரா போய்டலாம்னு நெனச்சேன்” என்பார். “அன்னிக்கு ஜெபம் பண்ணும்போது ஒண்ணு முடிவு பண்ணேன். எனக்குக் கீழ நாலு பேர் வந்தா, அவங்க காது அடைக்கக் கூடாது.”

அதற்காகவே அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆறு பக்கம். இங்கிலீஷில் டைப் அடித்து, ஸ்டென்சில் போட்டு உருட்டி நகல் எடுத்தது. அந்த மை என் விரலில் ரெண்டு நாள் போகவில்லை. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவர் மேசையிலும் ஒன்று வைப்பேன். முதல் நாள் அம்மாள் அவர்களைச் சுற்றி உட்காரவைத்து, அதைத் தமிழில் விளக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். ரிவ்யூ செய்கிறவர் ஆளைப் பேசாமல் வரியைப் பேச வேண்டும். வரி எண்ணைப் போட வேண்டும். தப்பு என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்று சொல்ல வேண்டும். எழுதியவர், பதில் சொல்ல உடனே வாயைத் திறக்கக் கூடாது. எல்லாக் குறிப்பையும் கடைசிவரை படித்துவிட்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம்தான் பேனாவை எடுக்க வேண்டும். புரியாவிட்டால் கேட்க வேண்டும். ஒப்பவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். எந்தக் குறிப்பையும் பதில் இல்லாமல் விடக் கூடாது.

மெஷின் அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்பதால் பானை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான். யாராவது முகம் சிவந்து வந்து தண்ணீர் கேட்டால், ரிவ்யூ முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நாலாம் பக்கத்தில் ஒரு காரியம் இருந்தது. காரமான வார்த்தைக்கே இடம் கொடுக்கக் கூடாது என்று அம்மாள் மூன்று அடையாளங்கள் வைத்திருந்தார். கேள்விக்குக் கேள்விக்குறி. யோசனைக்கு, அதாவது சஜெஷனுக்கு, எஸ். கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டிய வரிக்கு ஆர். ஆர் என்றால் ரீட், அதாவது ‘இதை என்னோடு உட்கார்ந்து மறுபடி படி’ என்று அர்த்தம். மென்மையாக இருக்கட்டும் என்றுதான் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று பிறகு சொன்னார்.

1986 ஜூனில் ஷஹீன் பானு வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் டேனரியில் தோல் தரம் பிரிக்கிற மஹபூப் பாஷாவின் மகள். பி.எஸ்ஸி. முடித்து, வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தவள். அவர்கள் தெருவிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு வந்த முதல் பெண். பேரணாம்பட்டிலிருந்து அவள் பெரியப்பா வந்து, பொண்ணு மெஷின் ரூமுக்கெல்லாம் எதுக்கு என்று கேட்டபோது, மஹபூப் பாய் பத்துப் பேர் முன்னால், “என் பொண்ணு தலையால சம்பாதிக்கிறா, யாருக்கு இன்னா நஷ்டம்?” என்று கேட்டவர். தினமும் காலையில் அவரே கூட்டிவந்து விடுவார், மாலையில் அவரே வந்து அழைத்துப்போவார். ஆறு மாதம் தற்காலிகம். அது முடியும்போது வேலை நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்பது, அவள் தனியாக எழுதுகிற முதல் பெரிய புரோகிராமைப் பொறுத்தது.

அந்தப் புரோகிராம், டேனரியிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒவ்வொரு தோல் கட்டிலும், எந்தத் தரத்தில் எத்தனை தேறியது என்று கூட்டிக் காட்டுவது. பதினோரு பக்கம் வந்தது. நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. அம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்து அதைப் படித்தார். மதியம் மூன்றரைக்குத்தான் முடித்தார். அன்று வேலூரில் அவருடைய சபையில் கூட்டம். நாலு மணி பஸ்ஸை விட்டால் பிறகு ஆறு மணிக்குத்தான். ஷஹீன் பானு மெஷினில் வேறு வேலையாக இருந்தாள்.

“அண்ணே, இதை அந்தப் பொண்ணு டேபிள் மேல வச்சிடுங்க. திங்கக்கிழமை வந்து கூட உட்கார்றேன்” என்று என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நான் வைத்தேன். மடித்தபடியே இருந்ததால் உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு அந்தப் பெண் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமாக “வர்றேன் அண்ணா” என்பாள். அன்று சொல்லவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. நான் சனிக்கிழமை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஹபூப் பாய் வந்தார். டேனரிக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, என் பக்கத்தில் நேராக வைத்தார். ஷஹீன் பானு நாலடி தள்ளி, சுவரோரமாக, துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“இன்னா பாய், இவ்வளவு தூரம்?” என்றேன்.

“மேடத்தைப் பார்க்கணும் சத்தியம். அஞ்சு நிமிஷம்.”

அம்மாள் எழுந்து வந்தார். பாய் இரண்டு கையாலும் ஒரு கவரையும், அந்தச் சுருட்டிய தாளையும் நீட்டினார்.

“லெட்டர்ம்மா. பாப்பா வேலைய விட்டுடறா. நீங்க சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடி நாங்களே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்னு வந்தேன்.”

“வேலைய விடறாளா? இன்னாத்துக்கு?” அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “வீட்ல ஏதாவது…”

“வீட்ல ஒண்ணும் இல்லம்மா. நீங்க போட்ட மார்க்கு சரியாத்தான் இருக்கும். நான் தப்பு சொல்லல. நானும் மார்க்குப் போடுறவன்தான். இருபத்திரண்டு வருஷமா போடுறேன். ஒரு தடவை போட்டத மாத்துனது கிடையாது. யார் வந்து கெஞ்சினாலும் மாத்த மாட்டேன். அதே மாதிரி உங்ககிட்ட மாத்தச் சொல்லியும் நான் கேட்க மாட்டேன்.”

“பாய், எந்த மார்க்கு?”

அவர் தாளைப் பிரித்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு எழுத்து. பக்கம் புரட்டினார், மறுபடி அதே எழுத்து.

“ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல. ஆறு எடத்துல. மிச்சமெல்லாம் எஸ். பதினோரு பக்கத்துல ஒரு எடத்துல கூட என் பொண்ணு ஃபர்ஸ்ட் வாங்கலியேம்மா.”

அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் தட்டின மாதிரி விளங்கியது. ஒன்பது வருஷம் நான் செய்த வேலை என்ன? செலக்‌ஷன் கொட்டகையில் பெரிய மேசை. அதன் மேல் தோலை விரித்துப் போடுவேன். பாய் கையால் தடவுவார், வெளிச்சத்தில் பார்ப்பார், திருப்பிப் போட்டு சாக்பீஸால் மூலையில் ஒரு குறி போடுவார். ஒன்று என்றால் ஃபர்ஸ்ட். எஸ் என்றால் செகண்ட்ஸ். ஆர் என்றால் ரிஜெக்ட். ஆர் போட்ட தோலைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் வீச வேண்டும். அதை வீசின கை இந்தக் கைதான். அதே ஆள் இரண்டு வருஷமாக அந்தச் சின்னப் புத்தகத்தை மேசை மேசையாக வைத்திருக்கிறேன். ஒரு நாளும் தோன்றவில்லை.

“அம்மா,” என்றேன். “எங்க ஊர்ல ஆர்னா ரிஜெக்ட்டும்மா.”

அம்மாள் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

“ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ பிதாவே. ஷஹீன், உள்ள வாம்மா. நீ அப்படியா நெனச்ச? அது ரிஜெக்ட் இல்லம்மா. ரீட். மறுபடி படின்னு அர்த்தம். புக்குல நாலாம் பக்கத்துல போட்டிருக்கேனே, படிச்சியா?”

“படிச்சேன் மேடம்” என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டே. “ஆனா ஆர்னு வந்ததும் அந்த எடத்தத் தாண்டிட்டேன். அது எனக்குத் தெரிஞ்சதுதானேன்னு. அஞ்சு வயசிலேர்ந்து அப்பாவுக்கு சாப்பாடு எடுத்துட்டுப் போய் அந்த மேசைகிட்டதான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஏபிசிடி தெரியறதுக்கு முன்னாடி ஆர் தெரியும்.”

தெரியாத வார்த்தைக்குத்தானே அர்த்தம் தேடுவோம். தண்ணீர் என்றால் என்ன என்று யாராவது புரட்டிப் பார்ப்போமா?

மஹபூப் பாய் இன்னும் நம்பவில்லை. “அப்ப என் பொண்ணு… ரிஜெக்ட் இல்லியா?”

“பாய், நல்லா எழுதியிருக்கா. ரெண்டாவது வருஷத்து ஆளு எழுதற மாதிரி எழுதியிருக்கா. அதனாலதான் இவ்வளவு கவனமா படிச்சேன். சனிக்கிழமை பூரா இதுக்குத்தான் போச்சு.”

பாய் அந்தக் கவரை அம்மாள் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், கேட்காமலே. “தண்ணி குடு சத்தியம்” என்றார். இரண்டு டம்ளர் குடித்தார். “ராத்திரி பூரா தூங்கலப்பா. அல்லா, ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேஜாரா!”

நான் அவரிடம், “நீ எத்தன பேர் தூக்கத்தக் கெடுத்திருப்ப அந்த எழுத்தால!” என்றேன்.

“நான் தோலுக்குத்தானடா போட்டேன். தோலு தூங்குமா?” என்று அவர் சொல்லவும், எல்லாரும் சிரித்தோம். ஷஹீன் பானுவும் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின்தான் எனக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் அம்மாள் வாசலுக்குப் பக்கத்து மேசையிலேயே தாளை விரித்து, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாயை டேனரிக்குப் போகச் சொன்னார். “பத்து நிமிஷம் கேட்டுட்டுப் போறேம்மா” என்று அவர் ஸ்டூலை விடவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

“முதல் ஆர். பாரு, லாட் நம்பர் மாறும்போதுதான் முந்தின லாட்டோட கூட்டுத்தொகைய அச்சடிக்கிற. சரி. கடைசி லாட் முடிஞ்சதும் இன்னா ஆகும்?”

ஷஹீன் பானு பார்த்தாள். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு போனாள். “அதுக்கப்புறம் வேற லாட் இல்ல… நம்பர் மாறாது…” சட்டென்று நிமிர்ந்தாள். “கடைசி லாட் அச்சே ஆகாது மேடம்!”

“ஆகாது. இதுக்குத்தான் ஆர். இத நானும் ஒரு காலத்துல தப்பா எழுதினவதான்.”

“திருத்திடறேன் மேடம். ஃபைல் முடிஞ்சதும் ஒரு தடவ அச்சடிக்கணும்.”

அடுத்த மூன்றும் இப்படியே போயின. தாளில் பதில் எழுதிக்கொண்டே வந்தாள். ஐந்தாவதில் அம்மாளே தயங்கினார். “இது… இரு. நீ ரெண்டா பிரிச்சு எழுதியிருக்க, நான் ஒண்ணா எழுதுவேன். ரெண்டும் ஒரே பதில்தான் குடுக்கும். இது தப்பு இல்ல, என் பழக்கம். என் பழக்கத்துக்கு ஆர் போடக் கூடாது. அடிச்சிடறேன். வேணும்னா மாத்து, வேணாம்னா விடு.”

ஆறாவதுக்கு வந்தபோது ஷஹீன் பானு வாயைத் திறந்தாள், மூடினாள்.

“சொல்லும்மா. ஒப்பலன்னா காரணம் சொல்லணும். புக்குல அதுவும் இருக்கு.”

“மேடம்… ஒரே தோல் நம்பர் ரெண்டு தடவ வந்தா புரோகிராம் தடுக்கலன்னு ஆர் போட்டிருக்கீங்க.”

“ஆமா. ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்தா யாரோ தப்பா டைப் பண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்?”

“இல்ல மேடம். மாட்டுத் தோலு பெருசு. முதுகு நடுவுல அறுத்து ரெண்டு சைடாக்கிடுவாங்க. ரெண்டு சைடுக்கும் ஒரே நம்பர்தான் குத்துவாங்க. ரெண்டு சைடும் ஒரே தரமா இருக்கணும்னு இல்ல. ஒரு பக்கம் மாடு மரத்துல ஒரசியிருக்கும், கீறல் இருக்கும். அதனால ஒரே நம்பர் ரெண்டு தடவ வர்றது சரி. தடுத்துட்டா பாதித் தோலு கணக்குல வராம போய்டும்.” நிறுத்தினாள். பிறகு சின்னக் குரலில், “மூணு தடவ வந்தாத்தான் தப்பு” என்றாள்.

அம்மாள் மஹபூப் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார், ஃபர்ஸ்ட் தோலைத் தடவும்போது ஆட்டுகிற அதே ஆட்டல்.

“எனக்குத் தெரியாது ஷஹீன்” என்றார் அம்மாள். “நான் தோலைத் தாள்லதான் பார்த்திருக்கேன். நீ எழுதினது சரி. நான் கேள்வியா கேட்டிருக்கணும், ஆர் போட்டிருக்கக் கூடாது.” சிவப்புப் பேனாவால் அந்த ஆரை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று ஜெயகரன் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னான்: ‘என் தவறு. எழுதியவர் சரி. மூன்றாவது முறை வந்தால் மட்டும் தடுக்கவும்.’

பாய் எழுந்தார். “மேடம், போட்டத மாத்துறீங்களே!” என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு.

“தப்பா போட்டா மாத்தித்தானே ஆகணும் பாய்.”

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது, “சாயந்தரம் வர்றேன் பாப்பா” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் அம்மாள் பஸ்ஸிலும் எழுதினார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் எழுதினார். அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான். “நான் எழுதின சட்டத்த நானே மீறினேன் அண்ணே” என்று என்னிடம் சொன்னார். “தாளை டேபிள்ல போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கூட உட்கார்ந்திருந்தா அந்தப் புள்ளைக்கு ரெண்டு நாள் அழுகை மிச்சம்.” மூன்று அடையாளங்களையும் எடுத்துவிட்டார். எழுத்தே வேண்டாம், வார்த்தையாகவே எழுதுங்கள் என்று போட்டார்: கட்டாயம் திருத்துக, யோசனை, கேள்வி. முதல் குறிப்புகள் வரும் நாளில் தாளைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு வரி. உன் பழக்கத்துக்கும் தப்புக்கும் வித்தியாசம் பார் என்று ஒரு வரி. ரிவ்யூ செய்கிறவர் ஊரையும் தொழிலையும் எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி.

டிசம்பர் முதல் வாரத்தில் ஷஹீன் பானுவின் புரோகிராம் மெஷினில் ஓடியது. கடைசி லாட்டின் தொகை கடைசிப் பக்கத்தில் ஒழுங்காக வந்து விழுந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தவன் நான்தான். மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. மஹபூப் பாய் ஒரு டப்பா மக்கன்பேடா இனிப்பு கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றச் சோம்பலாம்.

புதிய புத்தகத்தை ஸ்டென்சில் போடுமுன், அம்மாள் டைப் அடித்த தாள்களை ஷஹீன் பானுவிடம் கொடுத்தார். கூடவே தன் சிவப்புப் பேனாவையும்.

“படிச்சிட்டு கமெண்ட் எழுது.”

“நானா மேடம்? உங்க புக்குக்கா?”

“உனக்குத்தானே அதுல அடிபட்டுச்சு. எங்க அடிபட்டுச்சுன்னு உனக்குத்தான் தெரியும்.”

அவள் இரண்டு நாள் வைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் காலை, தாளை மேசையில் போட்டுவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு குறிப்புதான் எழுதியிருந்தாள். அதை அவளே படித்துக் காட்டினாள், எனக்கும் கேட்டது.

“பக்கம் 4, வரி 9. கேள்வி. திருத்தணும்னு சொல்ல வார்த்தை இருக்கு, யோசனைக்கு இருக்கு, சந்தேகத்துக்கு இருக்கு. ஒரு வரி நல்லா இருந்தா அதை எப்படி எழுதறது? அதுக்கு வார்த்தையே இல்லையே. நல்லா இருக்கறது எதுன்னு தெரியலன்னா, திருத்தும்போது அதையும் சேர்த்துக் கெடுத்துடுவோமே.”

அம்மாள் அந்த வரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். மறுபடியும் படித்தார். மெட்ராஸ் ஹாஸ்டலில் இரண்டு நாள் படுத்திருந்தவரின் முகம் ஒரு நொடி வந்து போனதைப் பார்த்தேன். பிறகு அது தெளிந்தது. நாற்காலியைத் தள்ளி எழுந்து, வாசலுக்கு வந்தார்.

“அண்ணே,” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.”